நாலு இருபதுக்கு இரண்டு முள்ளும் சேர்ந்திருக்குமா?

தக்கலையில் எங்கள் வீட்டுத் திண்ணைக்குச் சாயங்காலம் சில பிள்ளைகள் கணக்குப் படிக்க வருவார்கள். சிலர் குரூப் 4 தேர்வுக்கு, சிலர் ரயில்வே தேர்வுக்கு. போன வாரம் ஒரு பழைய வினாத்தாளில் இந்தக் கேள்வி வந்தது: மணி 4:20 ஆக இருக்கும்போது மணி முள்ளுக்கும் நிமிட முள்ளுக்கும் இடையே உள்ள கோணம் என்ன? ஒரு பெண் சட்டென்று சொன்னாள், "சார், 20 நிமிஷம்னா பெரிய முள்ளு 4-ல கிடக்கும். மணி 4, அப்போ சின்ன முள்ளும் 4-லதானே கிடக்கும்? ரெண்டும் ஒரே இடம், கோணம் 0."

மற்ற பிள்ளைகளும் தலையாட்டினார்கள். நான் அவளிடம், "மக்களே, உள்ளே சுவரில் இருக்கிற கடிகாரத்தை இறக்கிக் கொண்டு வா" என்றேன்.

கடிகாரத்தின் பின்னால் முள்ளைத் திருப்புகிற சின்னத் திருகு இருக்கும். அதைத் திருப்பி முதலில் 4:00 வைத்தோம். சின்ன முள் 4-ன் மேல் கச்சிதமாக நின்றது. பிறகு மெதுவாகத் திருப்பிக்கொண்டே போனோம். பெரிய முள் 1-ஐத் தாண்டி, 2, 3 என்று வந்து 4-ஐத் தொட்டது. அப்போது சின்ன முள் எங்கே என்று எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். அது 4-ல் இல்லை. 4-ஐ விட்டுக் கொஞ்சம் கீழே, 5-ஐப் பார்த்து நகர்ந்திருந்தது. அந்தக் கொஞ்சம் எவ்வளவு என்று கண்டுபிடிப்பதுதான் இந்தக் கணக்கு. அது பிடிபட்டால் மற்றது எல்லாம் கழித்தல்தான்.

முதலில் இரண்டு முட்களின் வேகத்தைப் பார்ப்போம். கடிகாரத்தின் முகம் முழு வட்டம், அதாவது 360 டிகிரி. பாடப்புத்தகத்தில் பாகை என்று இருக்கும், இரண்டும் ஒன்றுதான். பெரிய முள் ஒரு முழுச் சுற்றை 60 நிமிடத்தில் முடிக்கிறது. ஆகவே ஒரு நிமிடத்துக்கு 6 டிகிரி. சின்ன முள்ளுக்கு அதே சுற்றை முடிக்க 12 மணி நேரம் ஆகிறது. 360-ஐ 12-ஆல் வகுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 30 டிகிரி. அந்த 30-ஐ 60 நிமிடத்துக்குப் பங்கிட்டால் ஒரு நிமிடத்துக்கு அரை டிகிரி.

இந்த அரை டிகிரியைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாத அசைவு என்பதால் அது நிற்கிறது என்று மனம் எடுத்துக்கொள்கிறது. கன்னியாகுமரிக் கடற்கரையில் சூரியன் எழுவதைப் பார்த்தவர்களுக்கு ஒன்று சொல்லலாம். வானத்தில் சூரியன் ஒரு நாளுக்கு ஒரு சுற்று சுற்றுவதுபோலத் தோன்றுகிறது. 24 மணி நேரத்துக்கு 360 டிகிரி என்றால் ஒரு மணி நேரத்துக்கு 15 டிகிரி. கடிகாரத்தின் சின்ன முள் அதைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் சுற்றுகிறது. சூரியன் நகர்வதை யாரும் மறுப்பதில்லை. அதைவிட வேகமாகப் போகிற சின்ன முள்ளை மட்டும் நிற்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம்.

கடிகாரத்திலேயே இதைச் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. முகத்தின் ஓரத்தில் நிமிடத்துக்கு ஒன்றாக 60 சின்னக் கோடுகள் இருக்கும். அடுத்தடுத்த இரண்டு கோடுகளுக்கு நடுவே 6 டிகிரி. சின்ன முள் நிமிடத்துக்கு அரை டிகிரி நகர்கிறது என்றால், ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்குப் போக 12 நிமிடம் ஆகும். 4:00-க்கு 4-ன் மேல் நிற்கிறது, 4:12-க்கு ஒரு கோடு தள்ளி, 4:24-க்கு இரண்டு கோடு தள்ளி. திருகைத் திருப்பிப் பார்த்தால் அப்படியே வரும். இந்த 12 என்கிற எண் கடிகாரத்துக்குள் இருக்கிற பற்சக்கரங்களிலிருந்து வருகிறது. பெரிய முள்ளின் அச்சிலிருந்து சின்ன முள்ளுக்கு வேகம் பன்னிரண்டில் ஒரு பங்காகக் குறைந்து போகும்படி சக்கரங்களைக் கோத்திருக்கிறார்கள். அதனால் பெரிய முள் அசைந்தால் சின்ன முள்ளும் அசைந்தே ஆக வேண்டும். நாகர்கோவில் மணிமேடையில் 1893 முதல் நிற்கிற மணிக்கூண்டுக் கடிகாரம் ஆனாலும் சரி, சுவரில் மாட்டுகிற பேட்டரிக் கடிகாரம் ஆனாலும் சரி, இந்தக் கணக்கு மாறாது.

இனி 4:20-ஐப் போடலாம். இரண்டு முள்ளையும் 12-லிருந்து அளப்போம். ஒரே இடத்திலிருந்து அளந்தால்தான் கழிக்க முடியும்.

பெரிய முள் 20 நிமிடம் நகர்ந்திருக்கிறது. 20 × 6 = 120 டிகிரி. சின்ன முள் 4 மணிக்கு 4 × 30 = 120 டிகிரியில் இருந்தது. அதற்குப் பிறகு 20 நிமிடத்தில் இன்னும் 20 × 0.5 = 10 டிகிரி போயிருக்கிறது. ஆக 130 டிகிரி. 130-லிருந்து 120-ஐக் கழித்தால் 10 டிகிரி. விடை 0 அல்ல, 10. அந்த 10 டிகிரி முழுவதும் நாம் மறந்துபோன அரை டிகிரிகள் சேர்ந்து வந்தது.

எல்லாரும் தடுக்கி விழுகிற இன்னொரு நேரம் 3:30. பெரிய முள் 6-ல், சின்ன முள் 3-ல், நடுவே செங்கோணம், ஆகவே 90 டிகிரி என்று பலர் எழுதுவார்கள். வினாத்தாளில் விருப்பங்களில் 90-ஐ வேண்டுமென்றே வைத்திருப்பார்கள். ஆனால் அரை மணி நேரத்தில் சின்ன முள் 3-க்கும் 4-க்கும் சரி நடுவில் வந்திருக்கும். 3 × 30 = 90, அதோடு 30 × 0.5 = 15, மொத்தம் 105. பெரிய முள் 180-ல். 180-லிருந்து 105 போனால் 75 டிகிரி.

இந்தத் தவறு பிள்ளைகளின் கவனக்குறைவால் வருவதாக எனக்குத் தோன்றவில்லை. சின்ன வகுப்பில் மணி பார்க்கக் கற்றுக்கொடுக்கும்போது அட்டைக் கடிகாரம் ஒன்று செய்வோம். நடுவில் ஒரு ஆணி, அதில் இரண்டு அட்டை முட்கள், பற்சக்கரம் கிடையாது. ஒரு முள்ளைத் திருப்பினால் மற்றது அசையாது. மூன்றரை மணி காட்டு என்றால் பிள்ளை சின்ன முள்ளை 3-லும் பெரிய முள்ளை 6-லும் வைக்கும், நாமும் சரி என்போம். அந்தப் படம் மனதில் அப்படியே தங்கிவிடுகிறது. நிஜக் கடிகாரம் எதுவும் அந்த நிலையைக் காட்ட முடியாது, ஏனென்றால் சின்ன முள் ஓர் எண்ணின் மேல் கச்சிதமாக நிற்கிறது என்றால் பெரிய முள் 12-ல்தான் இருக்க வேண்டும். அட்டைக் கடிகாரம் வைத்திருக்கிற ஆசிரியர்கள் 3:30 காட்டும்போது சின்ன முள்ளைக் கையால் 3-க்கும் 4-க்கும் நடுவே தள்ளி வைத்தால், பிற்பாடு இந்தக் குழப்பமே வராது.

சரி, ஒவ்வொரு தடவையும் இரண்டு முள்ளையும் தனித்தனியாக அளந்து கழிக்க வேண்டுமா? தேர்வில் நேரம் குறைவு. அதற்குத்தான் சூத்திரம். ஆனால் அதை மனப்பாடம் செய்வதற்கு முன் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிட்டால் மறக்காது.

தக்கலையிலிருந்து நாகர்கோவில் போகிற சாலையில் ஒருவர் வில்லுக்குறிப் பக்கம் மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் நடந்து போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்குப் பின்னால் ஒரு பஸ் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் அதே திசையில் வருகிறது. பஸ் அவரைவிட 12 மடங்கு வேகம், பெரிய முள் சின்ன முள்ளைவிட 12 மடங்கு வேகம் என்பதுபோல. இருவருக்கும் நடுவே உள்ள தூரம் மணிக்கு 60 கிலோமீட்டர் குறைவதில்லை. நடப்பவரும் முன்னால் போய்க்கொண்டிருப்பதால் 55 கிலோமீட்டர்தான் குறைகிறது. கடிகாரத்திலும் அதே கதை. பெரிய முள் நிமிடத்துக்கு 6 டிகிரி துரத்துகிறது, சின்ன முள் அரை டிகிரி தப்பி ஓடுகிறது. இடைவெளி நிமிடத்துக்கு 5.5 டிகிரி குறைகிறது.

மணி ஆரம்பிக்கும்போது பெரிய முள் 12-ல் இருக்கும். சின்ன முள் அதற்கு முன்னால், மணிக்கு 30 டிகிரி வீதம் தள்ளி இருக்கும். 4:00-க்கு அந்த இடைவெளி 120. அதற்குப் பிறகு ஒவ்வொரு நிமிடத்துக்கும் 5.5 கழிந்துகொண்டே போகும். இதை எழுதினால் இவ்வளவுதான்:

```
கோணம் = 30 × மணி − 5.5 × நிமிடம்
```

4:20-க்கு 120-லிருந்து 110 போய் 10. 3:30-க்கு 90-லிருந்து 165-ஐக் கழித்தால் −75 வருகிறது. கழித்தல் குறி வந்ததும் சில பிள்ளைகள் பயந்து அடித்துவிடுவார்கள். அதில் தவறு ஒன்றும் இல்லை. பஸ் நடப்பவரைத் தாண்டிவிட்டது என்று அதற்குப் பொருள். பெரிய முள் சின்ன முள்ளைக் கடந்து 75 டிகிரி முன்னால் போய்விட்டது. கோணம் கேட்டால் குறியை விட்டுவிட்டு 75 என்று எழுதலாம். யார் முன்னால் என்று கேட்டால்தான் குறி வேண்டும்.

இன்னொரு இடத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். 9:10-ஐப் போட்டுப் பாருங்கள். 270-லிருந்து 55 போனால் 215. இரண்டு முட்களுக்கு நடுவே எப்போதும் இரண்டு கோணங்கள் இருக்கின்றன, ஒன்று இந்தப் பக்கம், ஒன்று அந்தப் பக்கம். இரண்டும் சேர்ந்து 360. 215 என்பது பெரியது, பின்வளை கோணம். கேள்வியில் வேறு எதுவும் சொல்லாமல் கோணம் என்று மட்டும் கேட்டால் சின்னதைத்தான் கேட்கிறார்கள். 360-லிருந்து 215 போனால் 145. ஆகவே விடை 180-ஐத் தாண்டினால் 360-லிருந்து கழிக்க வேண்டும், இல்லாவிட்டால் அப்படியே விடலாம். கடைகளில் கைக்கடிகார விளம்பரத்தில் பெரும்பாலும் 10:10 வைத்திருப்பார்களே, அதையும் போடலாம்: 300 − 55 = 245, 360-லிருந்து கழித்தால் 115 டிகிரி.

12 மணி வந்தால் 12 என்று போடுவதா, 0 என்று போடுவதா என்று பிள்ளைகள் எப்போதும் கேட்பார்கள். 12:40-ஐ இரண்டு வழியிலும் செய்து காட்டினேன். 0 என்று எடுத்தால் 0 − 220, குறியை விட்டால் 220, 180-ஐத் தாண்டுவதால் 360-லிருந்து கழித்து 140. 12 என்று எடுத்தால் 360 − 220 = 140, நேராகவே வந்துவிட்டது. எப்படி எடுத்தாலும் ஒரே விடைதான், ஏனென்றால் 0 டிகிரியும் 360 டிகிரியும் வட்டத்தில் ஒரே இடம். ரயில்வே நேரத்தில் 16:20 என்று கொடுத்தால் மட்டும் 12-ஐக் கழித்து 4:20 ஆக்கிக்கொள்ளுங்கள்.

விடை தப்பா சரியா என்று கண நேரத்தில் பார்க்க நான் ஒரு சோதனை வைத்திருக்கிறேன். நிமிடம் இரட்டைப் படை எண்ணாக இருந்தால் விடை முழு எண்ணாகத்தான் வரும். ஒற்றைப் படையாக இருந்தால் கட்டாயம் அரை வரும். 3:25-க்கு 90 − 137.5, அதாவது 47.5 டிகிரி. 25 ஒற்றை, அரை வந்துவிட்டது. அதே 3:25-க்கு யாராவது 60 என்று எழுதியிருந்தால், கணக்கைத் திரும்பப் பார்க்காமலே சொல்லிவிடலாம், சின்ன முள்ளை 3-லேயே நிறுத்திவிட்டார் என்று.

இதுவரை நேரத்தைக் கொடுத்துக் கோணத்தைக் கேட்டார்கள். திருப்பிக் கேட்பதும் உண்டு: 4 மணிக்கும் 5 மணிக்கும் நடுவே எப்போது இரண்டு முள்ளும் ஒன்றாகச் சேரும்? இங்கேயும் பஸ்தான். 4:00-க்கு இடைவெளி 120, நிமிடத்துக்கு 5.5 குறைகிறது. 120-ஐ 5.5-ஆல் வகுத்தால் 240/11, அதாவது 21 நிமிடமும் பதினொன்றில் ஒன்பது பங்கு நிமிடமும். வினாடியில் சொன்னால் ஏறக்குறைய 4 மணி 21 நிமிடம் 49 வினாடி. அந்தப் பெண் 4:20-க்குச் சேரும் என்று சொன்னாளே, உண்மையில் அதற்குப் பிறகு இரண்டு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகிறது. 4:20-க்கு மிச்சம் இருந்த 10 டிகிரியைத் தீர்க்க வேண்டிய நேரம் அது.

செங்கோணம் எப்போது என்று கேட்டால் ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை வரும். பெரிய முள் பின்னால் 90 டிகிரி இருக்கும்போது ஒன்று, தாண்டிப்போய் 90 டிகிரி முன்னால் இருக்கும்போது இன்னொன்று. முதலாவதுக்கு 120-லிருந்து 30 குறைந்தால் போதும்: 30-ஐ 5.5-ஆல் வகுத்தால் 5 நிமிடமும் பதினொன்றில் ஐந்து பங்கும். இரண்டாவதுக்கு 120 முழுவதும் தீர்ந்து அதற்கு மேல் 90 போக வேண்டும்: 210-ஐ 5.5-ஆல் வகுத்தால் 38 நிமிடமும் பதினொன்றில் இரண்டு பங்கும். சரிபார்க்க வேண்டுமானால், 38 நிமிடம் சொச்சத்தில் பெரிய முள் 229 டிகிரியை லேசாகத் தாண்டியிருக்கும், சின்ன முள் 139-ஐ அதே அளவு தாண்டியிருக்கும். வித்தியாசம் 90.

இதைக் கண்டதும் ஒரு பையன், "அப்போ மணிக்கு ரெண்டு தடவை, 12 மணி நேரத்துக்கு 24 தடவை செங்கோணம் வரும், இல்லையா சார்?" என்றான். நல்ல கேள்வி, ஆனால் 24 அல்ல, 22. 12 மணி நேரத்தில் பெரிய முள் 12 சுற்றுப் போகிறது, சின்ன முள் ஒரு சுற்றுப் போய்விடுகிறது. ஆகவே பெரிய முள் சின்ன முள்ளை 11 தடவைதான் முழுதாகச் சுற்றி வருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு செங்கோணம், ஒரு சேர்க்கை. அதனால் 22 செங்கோணம், 11 சேர்க்கை. குறைந்துபோன அந்த இரண்டு எங்கே என்று தேடினால், 3:00-ம் 9:00-ம் அகப்படும். 2-க்கும் 3-க்கும் நடுவே தேடினால் ஒன்று 2:27-ஐத் தாண்டி வருகிறது, மற்றது கச்சிதமாக 3:00-க்கு வருகிறது. அதே 3:00-ஐ 3-லிருந்து 4 வரை எண்ணும்போது இன்னொரு தடவை எண்ணிவிடுகிறோம். 9:00-க்கும் இதே கதைதான். சேர்க்கை ஏன் 12 இல்லை என்பதும் இப்படித்தான்: 11-க்கும் 12-க்கும் நடுவே வர வேண்டியதும் 12-க்கும் 1-க்கும் நடுவே வர வேண்டியதும் ஒன்றே, அது 12:00.

அன்று கோணமானியை வைத்து எங்கள் வீட்டுக் கடிகாரத்திலேயே 4:20-ஐ அளந்தார்கள். 10 வர வேண்டிய இடத்தில் 13 காட்டியது. சூத்திரம் தப்பா என்று கேட்டார்கள். திருகைத் திருப்பி 6:00 வைக்கச் சொன்னேன். அந்த நேரத்தில் இரண்டு முள்ளும் மேலிருந்து கீழாக ஒரே நேர்க்கோடாக நிற்க வேண்டும். நிற்கவில்லை. சின்ன முள் 6-ஐ லேசாகத் தாண்டி இருந்தது. ஒரு தடவை கண்ணாடி உடைந்து மாற்றியபோது முள்ளைக் கழற்றி மாட்டியிருந்தோம், அப்போது சின்ன முள் கொஞ்சம் திரும்பி உட்கார்ந்துவிட்டது. பற்சக்கரம் சரியாக ஓடுகிறது, நேரமும் சரி, அந்த 3 டிகிரி மட்டும் எல்லா நேரத்திலும் கூடவே வருகிறது. எந்தக் கடிகாரத்தையாவது அளக்கப் போகிறவர்கள் முதலில் 12:00 வைத்து ஒன்றின் மேல் ஒன்று உட்காருகிறதா என்றும், 6:00 வைத்து நேராக நிற்கிறதா என்றும் பார்த்துவிட வேண்டும். பையன்களில் ஒருவன் கண்ணாடியைக் கழற்றி, 12:00-க்கு வைத்து, சின்ன முள்ளை மட்டும் விரலால் பிடித்து மெல்லத் திருப்பி 12-ன் மேல் உட்கார வைத்தான். பிறகு 4:20-க்குத் திருப்பினோம். கோணமானியில் 10.